ஒரு நாள் கணக்கா, ஏழு நாள் கணக்கா?

இரண்டாம் பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ‘லீலாவதி’யில் ஒரு படையெடுப்புக் கணக்கு வருகிறது. பகைவனின் யானைகளைக் கைப்பற்ற ஓர் அரசன் புறப்படுகிறான். முதல் நாள் 2 யோசனை தூரம் போகிறான். அடுத்து வரும் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஒரே அளவு கூடுதலாகப் போகிறான். 80 யோசனைக்கு அப்பால் இருக்கும் பகைவனின் நகரத்தை ஏழு நாளில் அடைந்துவிடுகிறான். அப்படியானால் நாளுக்கு நாள் அவன் கூட்டிக்கொண்டே போன தூரம் எவ்வளவு?

இன்றைக்குப் பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசை படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு விதமான விடைகள் வரும். ஒரு கூட்டம் 13 என்று எழுதும். இன்னொரு கூட்டம் 22/7 என்று எழுதிவிட்டு, பின்னம் வந்துவிட்டதே, எங்கேயோ தவறிவிட்டோமோ என்று அடித்துத் திருத்தப் பார்க்கும். ஆனால் 22/7 தான் சரி. முழு எண்ணாக, பார்க்க அழகாக இருக்கும் 13 தவறு.

இரண்டு விடைகளும் எப்படி வந்தன என்று பார்த்தால், இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள் என்பது முழுதாகப் புரிந்துவிடும். பள்ளிப் படிப்பு மறந்துபோனவர்களுக்காக ஒரு வரி: ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் அது கூட்டுத் தொடர்வரிசை. தொடங்கும் எண் முதல் உறுப்பு, a. கூட்டும் எண் பொது வித்தியாசம், d. வரிசையில் n-ஆவது இடத்தில் நிற்கும் எண்ணைத் தருவது

tₙ = a + (n − 1)d

என்ற சூத்திரம். முதலிலிருந்து n எண்களையும் சேர்த்துக் கூட்டினால் என்ன வரும் என்று சொல்வது

Sₙ = (n/2)[2a + (n − 1)d]

என்ற சூத்திரம். இரண்டிலும் அதே a, அதே d, அதே n. குழப்பத்துக்கு இடம் கொடுப்பதும் இதுதான். கணக்கில் கொடுத்த எண்களை எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் அது மறுக்காமல் வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும்.

13 என்று எழுதிய மாணவர் என்ன செய்தார்? a = 2, n = 7 என்று எடுத்தார். 80 என்ற எண்ணை ஏழாவது உறுப்பாகக் கொண்டார். 2 + 6d = 80, ஆகவே 6d = 78, d = 13. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. 22/7 என்று எழுதியவர் 80-ஐ ஏழு உறுப்புகளின் கூடுதலாகக் கொண்டார். (7/2)(4 + 6d) = 80; அதாவது 14 + 21d = 80; 21d = 66; d = 66/21 = 22/7. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று. 80 யோசனை என்பது ஏழாவது நாள் மட்டும் நடந்த தூரமா, ஏழு நாளும் சேர்ந்து நடந்த தூரமா என்ற கேள்விக்கு இருவரும் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். முதல் மாணவர் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பதுதான் உண்மை.

13 தவறு என்பதை அவரே கண்டுபிடித்திருக்க முடியும். நாள் நாளாக எழுதிப் பார்த்தால் 2, 15, 28, 41, 54, 67, 80. கூட்டினால் 287 யோசனை. நான்காம் நாள் பொழுது சாய்வதற்குள் 86 யோசனை கடந்து, பகைவன் நகரத்தைத் தாண்டிப் போயிருப்பான் அரசன். 22/7-ஐ வைத்து எழுதினால் ஏழின் பின்னங்களாக 14/7, 36/7, 58/7, 80/7, 102/7, 124/7, 146/7 என்று வரும். மேலே உள்ளவற்றைக் கூட்டினால் 560. ஏழால் வகுத்தால் சரியாக 80. நடுவில் நிற்கும் நான்காம் நாளின் தூரத்தைப் பாருங்கள்: 80/7. மொத்தத் தூரத்தை நாட்களால் வகுத்த சராசரி அப்படியே நடு நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கூட்டுத் தொடர்வரிசையில் இது எப்போதும் நடக்கும். உறுப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் நடு உறுப்புதான் சராசரி. Sₙ சூத்திரமே வேறொன்றும் இல்லை, சராசரியை எண்ணிக்கையால் பெருக்குவதுதான். முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி. அதை n-ஆல் பெருக்கினால் கூடுதல். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை சூத்திரத்தை மறந்தாலும் தேர்வறையில் திண்டாடாது.

சரி, எதற்கு எந்தச் சூத்திரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பல இடங்களில் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். ‘மொத்தம்’, ‘கூடுதல்’ என்ற சொல் வந்தால் Sₙ; ‘எத்தனையாவது’, ‘n-ஆவது’ என்று வந்தால் tₙ. நேரடியாகக் கேட்கும் இரண்டு மதிப்பெண் கேள்விகளில் இது ஓரளவு செல்லும். வாழ்க்கைச் சூழலை வைத்துக் கேட்கும் கேள்விகளில் காலை வாரிவிடும். ஓர் அரங்கில் முதல் வரிசையில் 20 இருக்கைகள், அடுத்தடுத்த வரிசையில் இரண்டிரண்டு கூடுதல். ‘பதினைந்தாவது வரிசையில் மொத்தம் எத்தனை இருக்கைகள்?’ என்று கேட்டால், ‘மொத்தம்’ என்ற சொல் இருக்கிறது, ஆனால் வேண்டியது tₙ தான். பாஸ்கரரின் கணக்கில் ‘மொத்தம்’ என்ற சொல்லே இல்லை, வேண்டியதோ Sₙ. சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டிலும் மதிப்பெண் போய்விடும்.

சொல்லை விட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் எண் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரே எண்களைக் கொண்ட இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒரு சிறுமி உண்டியலில் முதல் வாரம் 50 ரூபாய் போடுகிறாள். அடுத்தடுத்த வாரங்களில் 70, 90 என்று இருபது இருபதாகக் கூட்டிப் போடுகிறாள். பத்தாம் வாரம் முடிவில் உண்டியலில் எவ்வளவு இருக்கும்? இன்னொரு கணக்கு: ஒரு முருங்கைக் கன்றின் உயரம் முதல் வாரம் அளந்தபோது 50 செ.மீ., அடுத்த வாரம் 70, அதற்கடுத்த வாரம் 90. அதே போக்கில் வளர்ந்தால் பத்தாம் வாரம் அளக்கும்போது எவ்வளவு உயரம் இருக்கும்?

இரண்டிலும் 50, 70, 90 என்ற ஒரே வரிசை. a = 50, d = 20, n = 10. ஆனால் உண்டியலுக்கு Sₙ, கன்றுக்கு tₙ. உண்டியல் கணக்கில் 70 என்பது அந்த ஒரு வாரம் மட்டும் புதிதாக வந்த பணம். முதல் வாரத்து 50 அதற்குள் இல்லை, தனியாக உண்டியலில் கிடக்கிறது. அதனால் எல்லாவற்றையும் கூட்டியாக வேண்டும்: (10/2)(100 + 180) = 1,400 ரூபாய். கன்றின் கணக்கில் 70 செ.மீ. என்ற உயரத்துக்குள் முதல் வாரத்து 50 ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதை மறுபடி கூட்டினால் ஒரே உயரத்தைப் பல முறை எண்ணியதாகும். ஆகவே 50 + 180 = 230 செ.மீ. என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். யாராவது கன்றுக்கும் Sₙ போட்டால் பத்து வாரத்தில் 14 மீட்டர் உயரம் என்று வரும்.

ஆகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: வரிசையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் அந்தந்த வேளையில் புதிதாக வந்த அளவா, அதுவரை சேர்ந்து நிற்கும் அளவா? வந்த அளவு கையில் இருந்து, சேர்ந்த அளவைக் கேட்டால் Sₙ. மற்ற இடங்களில், அதாவது குறிப்பிட்ட ஓர் இடத்து எண்ணையே கேட்டாலோ, எண்ணே சேர்ந்த அளவாக இருந்தாலோ tₙ. இதை நான் எத்தனை விதமான பாடநூல் கணக்குகளில் போட்டுப் பார்த்தாலும் தடம் மாறாமல் நிற்கிறது.

பெருக்குத் தொடர்வரிசையில் இந்தக் கேள்வியின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு முறையும் கூட்டுவதற்குப் பதிலாக ஒரே எண்ணால், அதாவது பொது விகிதம் r-ஆல், பெருக்கிக்கொண்டே போகிறோம். n-ஆவது உறுப்பு tₙ = arⁿ⁻¹; n உறுப்புகளின் கூடுதல் Sₙ = a(rⁿ − 1)/(r − 1), இதில் r என்பது 1 ஆக இருக்கக் கூடாது. வங்கி வட்டிக் கணக்குகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வருகின்றன.

ஒருவர் 10,000 ரூபாயை ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டுவட்டிக்கு ஒரே ஒரு முறை போடுகிறார். மூன்று ஆண்டுகள் முடிந்ததும் அவருக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை எவ்வளவு? பணம் வளரும் வரிசை 10,000, 11,000, 12,100, 13,310 என்று போகும். இதில் ‘மொத்தத் தொகை’ என்ற சொல்லைப் பார்த்ததும் Sₙ போடும் மாணவர் 10,000 + 11,000 + 12,100 = 33,100 என்று எழுதிவிடுவார். பத்தாயிரம் போட்டவருக்கு மூன்று ஆண்டில் முப்பத்து மூவாயிரம் தரும் வங்கி எங்கே இருக்கிறது? 11,000-க்குள் முதல் 10,000 அடங்கியிருக்கிறது. இது கன்றின் உயரத்தைப் போன்ற வரிசை. விடை 13,310 ரூபாய்.

இங்கே இன்னொரு குழியும் இருக்கிறது. மூன்று ஆண்டு என்பதால் n = 3 என்று எடுத்தால் t₃ = 12,100 என்று வரும்; அதுவும் தவறு. போட்ட நாளில் இருந்த 10,000 முதல் உறுப்பு என்றால், ஓர் ஆண்டு முடிவில் இருப்பது இரண்டாவது உறுப்பு, மூன்று ஆண்டு முடிவில் இருப்பது நான்காவது உறுப்பு. ஆகவே n = 4. ‘மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில்’ என்று கேட்டால் 12,100. ‘மூன்று ஆண்டுகள் முடிவில்’ என்று கேட்டால் 13,310. சூத்திரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் மதிப்பெண்ணை இழக்கவைப்பது இந்த இடம். சம்பள உயர்வு, வாகனத்தின் விலைத் தேய்மானம், மக்கள்தொகைப் பெருக்கம் என்று எந்தக் கணக்கிலும் இது வரும். தப்பிக்க ஒரே வழி, முதல் மூன்று உறுப்புகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அது எந்த நேரத்து அளவு என்று குறித்துக்கொள்வது.

இப்போது கணக்கைச் சற்றே மாற்றுவோம். அதே மனிதர் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 10,000 ரூபாய் போடுகிறார். மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் எவ்வளவு இருக்கும்? முதலில் போட்ட பத்தாயிரம் மூன்று ஆண்டு வட்டி பெற்று 13,310 ஆகியிருக்கும். இரண்டாவதாகப் போட்டது இரண்டு ஆண்டு வட்டியோடு 12,100. கடைசியாகப் போட்டது ஓர் ஆண்டு வட்டியோடு 11,000. இவை மூன்றும் தனித்தனிப் பணம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கவில்லை. ஆகவே இங்கே கூட்டித்தான் ஆக வேண்டும். a = 11,000, r = 1.1, n = 3 என்று போட்டால் 11,000 × (1.331 − 1)/0.1 = 36,410 ரூபாய். முந்தைய கணக்கில் கண்ட அதே 11,000, 12,100, 13,310 தான் இதிலும் நிற்கின்றன. அங்கே அவை ஒரே பணத்தின் வெவ்வேறு காலத்து நிலைகள். இங்கே ஒரே நாளில் அருகருகே நிற்கும் மூன்று வெவ்வேறு பணங்கள். இரண்டு கணக்கிலும் r = 1.1 என்பதையும் கவனிக்க வேண்டும். 10 சதவீதம் என்றதும் r = 0.1 என்றோ r = 10 என்றோ எழுதிவிடும் விடைத்தாள்கள் ஏராளம். இரண்டாவது உறுப்பை முதல் உறுப்பால் வகுத்துப் பார்த்தால், 11,000/10,000 = 1.1 என்று அதே இடத்தில் தெளிந்துவிடும்.

சில கேள்விகளுக்கு ஒரு சூத்திரம் போதாது, இரண்டும் வேண்டும். 200-க்கும் 500-க்கும் இடையே 9-ஆல் வகுபடும் எண்களின் கூடுதல் என்ன என்று கேட்டால், வேண்டியது கூடுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் Sₙ போட n வேண்டும், அது கணக்கில் இல்லை. 200-ஐத் தாண்டியதும் வரும் முதல் எண் 207. 500-க்கு முன் வரும் கடைசி எண் 495. அந்த 495 எத்தனையாவது உறுப்பு என்று tₙ சொல்லும்: 207 + (n − 1)9 = 495 என்பதிலிருந்து n − 1 = 32, n = 33. அந்த ஒன்றைக் கூட்ட மறந்து 32 என்று விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. வேலியில் 32 இடைவெளி இருந்தால் கம்பங்கள் 33 இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். முதலும் கடைசியும் கையில் இருப்பதால் d-யைத் தொடத் தேவையில்லாமல் (33/2)(207 + 495) = 33 × 351 = 11,583 என்று முடிந்துவிடும். கடைசி உறுப்பு தெரிந்த இடத்தில் இந்தக் குறுகிய வடிவத்தையே எடுக்க வேண்டும். பெரிய வடிவத்தில் போட்டாலும் விடை வரும், ஆனால் பெருக்கலும் பிழை நேரும் வாய்ப்பும் கூடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வகை, கூடுதலைக் கொடுத்துவிட்டு எத்தனை உறுப்புகள் என்று கேட்பது. அதில் இரண்டு விடை வரும். இரண்டையும் வைத்துக்கொள்வதா, ஒன்றைத் தள்ளுவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். 40, 36, 32, … என்ற வரிசையில் எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் 216 வரும்? (n/2)[80 − 4(n − 1)] = 216 என்று தொடங்கி, சுருக்கினால் n² − 21n + 108 = 0. காரணிப்படுத்தினால் n = 9 அல்லது n = 12.

இரண்டாவது விடையைக் கண்டதும் பல பிள்ளைகள் ஏதாவது ஒன்றை அடித்துவிடுகிறார்கள். ஒன்றுதான் சரியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம். ஆனால் இங்கே இரண்டுமே சரி. ஒன்பது உறுப்புகள் கூட்டி முடித்ததும் 216 வந்துவிடுகிறது. அதற்கடுத்த பத்தாவது உறுப்பு 4, பதினொன்றாவது 0, பன்னிரண்டாவது −4. மூன்றையும் சேர்த்தால் பூச்சியம். அதனால் பன்னிரண்டு உறுப்புகள் கூட்டினாலும் அதே 216 தான். இறங்கும் வரிசை பூச்சியத்தைக் கடந்து குறை எண்களுக்குள் நுழைவதால் இப்படி நடக்கிறது. 

இதே எண்களைக் கடன் கணக்காகக் கொடுத்தால் முடிவு மாறும். 216 ஆயிரம் ரூபாய்க் கடனை முதல் மாதம் 40 ஆயிரம், அடுத்து 36 ஆயிரம் என்று குறைத்துக்கொண்டே வந்து அடைக்கிறார் ஒருவர். எத்தனை மாதத்தில் கடன் தீரும்? ஒன்பதாவது மாதமே தீர்ந்துவிடுகிறது. பன்னிரண்டாவது மாதம் கடன்காரர் அவருக்கு நாலாயிரம் திருப்பித் தருவார் என்று எழுத முடியாது. இங்கே 12-ஐத் தள்ள வேண்டும். ஏன் தள்ளுகிறோம் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். வெறும் எண் வரிசையாக இருந்தால் இரண்டு விடைகளையும் எழுத வேண்டும். n குறை எண்ணாகவோ பின்னமாகவோ வந்தால் மட்டுமே யோசிக்காமல் தள்ளலாம், ஏனென்றால் ‘இரண்டரை உறுப்புகள்’ என்று ஒன்று இல்லை.

இந்தக் கணக்குக்கு 1,500 ஆண்டு வயது. ஆரியபடர் 499-ஆம் ஆண்டை ஒட்டி இயற்றிய ஆரியபடீயத்தின் கணித பாதத்தில், கூடுதல் காணும் விதியை அடுத்து, கூடுதலிலிருந்து உறுப்புகளின் எண்ணிக்கையைக் காணும் விதியும் இருக்கிறது. கூடுதலை எட்டால் பெருக்கி, பொது வித்தியாசத்தாலும் பெருக்கு, முதல் உறுப்பின் இரு மடங்குக்கும் பொது வித்தியாசத்துக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கத்தைக் கூட்டு, வர்க்கமூலம் எடு, முதல் உறுப்பின் இரு மடங்கைக் கழி, பொது வித்தியாசத்தால் வகு, ஒன்றைக் கூட்டு, பாதியாக்கு. நம்முடைய வரிசையில் போட்டுப் பார்ப்போம். 8 × 216 × (−4) = −6,912. இரு மடங்கு 80-க்கும் −4-க்கும் வேறுபாடு 84, அதன் வர்க்கம் 7,056. கூட்டினால் 144, வர்க்கமூலம் 12. அதிலிருந்து 80 போனால் −68, −4-ஆல் வகுத்தால் 17, ஒன்று கூட்டினால் 18, பாதி 9. கடன் தீரும் மாதம் சரியாக வந்துவிட்டது. வர்க்கமூலத்தை −12 என்று எடுத்தால் அதே படிகளில் 12 வரும். இன்று நாம் இருபடிச் சமன்பாடாக எழுதிக் காரணிப்படுத்துவதை அவர் ஒரே செய்யுளுக்குள் அடக்கியிருக்கிறார்.

கூடுதலின் சூத்திரத்தையே கொடுத்து உறுப்பைக் கேட்பது எதிர்த் திசையிலான கேள்வி. ஒரு தொடரின் n உறுப்புகளின் கூடுதல் Sₙ = 2n² + 3n எனில், பத்தாவது உறுப்பு என்ன? n-க்குப் பதில் 10 போட்டு 230 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 230 என்பது பத்து உறுப்புகளும் சேர்ந்த அளவு. பத்தாவது உறுப்பு அதில் ஒரு பங்கு மட்டுமே. பத்து உறுப்புகளின் கூடுதலிலிருந்து ஒன்பது உறுப்புகளின் கூடுதலைக் கழித்தால் மிஞ்சுவது பத்தாவது உறுப்பு: 230 − 189 = 41. சரிபார்க்க வேண்டுமானால், S₁ = 5 என்பது முதல் உறுப்பு; S₂ − S₁ = 14 − 5 = 9 என்பது இரண்டாவது; ஆகவே d = 4; 5 + 9 × 4 = 41. சேர்ந்த அளவு, வந்த அளவு என்று மேலே சொன்ன பாகுபாடுதான் இங்கேயும் வேலை செய்கிறது. உண்டியலில் இந்த வாரம் இருக்கும் பணத்திலிருந்து போன வாரம் இருந்ததைக் கழித்தால் இந்த வாரம் போட்டது தெரிந்துவிடுகிறது அல்லவா?

இவ்வளவு எளிதாகப் பிடிபடும் ஒரு பாகுபாடு தேர்வறையில் ஏன் கைவிட்டுப் போகிறது என்பதற்கு என்னிடம் ஒரு திடமான கருத்து உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் இவை ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற அலகில் வருகின்றன. கூட்டுத் தொடர்வரிசைக்கு ஒரு பயிற்சி, அதன் கூடுதலுக்கு அடுத்த பயிற்சி, பெருக்குத் தொடர்வரிசைக்கு ஒன்று, அதன் கூடுதலுக்கு இன்னொன்று என்று வரிசையாகப் போகும். மத்திய வாரியத்தில் பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசை மட்டும். பெருக்குத் தொடர்வரிசை பதினொன்றில். புதிதாகக் கற்கும்போது இந்த ஒழுங்கு நல்லதுதான். ஆனால் பயிற்சியின் தலைப்பே எந்தச் சூத்திரம் என்று சொல்லிவிடுகிறது. பிள்ளை நூறு கணக்குப் போட்டிருக்கலாம்; சூத்திரத்தைத் தானே தேர்ந்தெடுத்த கணக்கு அதில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். பொதுத்தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது. ஐந்து மதிப்பெண் கேள்வியில் முதல் படியே தேர்வுதான். அங்கே தவறினால் அதன் பிறகு எழுதும் பெருக்கலும் வகுத்தலும் பிழையில்லாமல் இருந்தாலும் பயனில்லை.

ஆகவே கணக்கு ஆசிரியர்களுக்கும், வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த அலகை முடித்ததும் நான்கு பயிற்சிகளிலிருந்தும் கணக்குகளை எடுத்துத் தலைப்பில்லாமல் கலந்து ஒரு தாளில் எழுதுங்கள். விடை கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு கணக்குக்கும் முதல் மூன்று உறுப்புகளை அலகோடு எழுதி, அவை வந்த அளவா சேர்ந்த அளவா என்று குறித்து, சூத்திரத்தின் பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒரு கணக்குக்கு ஒரு நிமிடம் போதும். இருபது கணக்குகளை இப்படிப் பிரித்துப் பார்க்க ஒரு பாடவேளைகூட ஆகாது.